ஃபால்ஸா, நாட் கிவனா? ஐயெல்ட்ஸ் ரீடிங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பில் ஐயெல்ட்ஸ் ரீடிங் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் செவிலியர்கள், வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ரீடிங்கில் 7 வேண்டும். அகாடமிக் தேர்வில் 40 கேள்விக்குச் சுமார் 30 சரியாக இருந்தால் 7 வரும், 23 என்றால் 6. நடுவில் இருக்கிற அந்த ஏழு மதிப்பெண்ணில் இரண்டு மூன்றை அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் விடுகிறார்கள்: கொடுத்த வாக்கியத்தைப் பத்தியோடு ஒப்பிட்டு ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று விடை எழுதும் கேள்விகளில். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, வந்த வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

ஃபால்ஸ், நாட் கிவன் ரெண்டுமே "பத்தியில அப்படி இல்லை"ன்னுதானே அர்த்தம்? எப்படிப் பிரிக்கிறது?

தமிழில் நாம் தினமும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பஸ் நிலையத்தில் ஒருவரிடம் "தஞ்சாவூர் பஸ் போயிடுச்சா?" என்று கேட்கிறீர்கள். "இல்லைங்க, அதோ நிக்குது" என்பது ஒரு பதில். "தெரியலைங்க, நான் இப்பத்தான் வந்தேன்" என்பது வேறொரு பதில். முதல் ஆளிடம் செய்தி இருக்கிறது, அது நீங்கள் கேட்டதற்கு எதிராக இருக்கிறது. இரண்டாவது ஆளிடம் செய்தியே இல்லை. தேர்வில் முதல் ஆள் ஃபால்ஸ், இரண்டாவது ஆள் நாட் கிவன்.

கேள்வித்தாளில் இருக்கும் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது: வாக்கியம் பத்தியோடு ஒத்துப்போனால் TRUE, பத்தியோடு முரண்பட்டால் FALSE, அதைப் பற்றிய தகவலே இல்லாவிட்டால் NOT GIVEN. முரண்பாடு என்ற சொல்லை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முரண்பாடு வர வேண்டுமென்றால் பத்தி அந்த விஷயத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நான் வகுப்பில் சொல்லித் தரும் சோதனை ஒன்றே ஒன்று. வாக்கியத்தைப் படித்துவிட்டு, பத்தியின் குரலில் இப்படிப் பதில் சொல்லிப் பாருங்கள்: "இல்லை, ______தான்." அந்தக் கோட்டில் போட ஒரு சொல்லோ வரியோ பத்தியிலிருந்தே கிடைத்தால் விடை ஃபால்ஸ். "இல்லை" என்று ஆரம்பித்துவிட்டு "தான்" வரைக்கும் போக முடியாமல் நாக்கு நின்றுவிட்டால் விடை நாட் கிவன்.

சொல்லும்போது புரியுது, தாளைப் பார்த்தா மறந்துடுது. ஒரு முழுப் பத்தியை வச்சுக் காட்டுங்களேன்.

தேர்வில் வருவது போன்ற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நானே எழுதிய பத்தி இது. ஆங்கிலம் குறுக்கே நிற்காமல் சிந்திக்கும் முறை மட்டும் தெரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

"கடலில் செல்லும் கப்பலின் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கணிக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் சட்டம் இயற்றியது. வழி எதுவாக இருந்தாலும் சரி, அது கடலில் பயன்பட வேண்டும் என்பதே நிபந்தனை. பெரும்பாலான வானியலாளர்கள், நிலவின் நகர்வைக் கணக்கிட்டுத்தான் விடை காண முடியும் என்று நம்பினார்கள். தச்சுத் தொழில் செய்துவந்த ஜான் ஹாரிசன், கடலிலும் நேரம் தவறாத ஒரு கடிகாரமே போதும் என்றார். அவர் கடிகார வேலையை எந்த ஆசானிடமும் கற்றவர் அல்ல. அவருடைய முதல் கடல் கடிகாரம் 1736இல் லிஸ்பன் சென்ற கப்பலில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. 1761இல் அவருடைய நான்காவது கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மகன் வில்லியம் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே போய்ச் சேர்ந்தபோது அதன் பிழை சுமார் 5 வினாடிதான். இருந்தும், சோதனைக்குப் பிறகு தீர்க்கரேகை வாரியம் முழுப் பரிசைக் கொடுக்க மறுத்தது. கடைசியில் நாடாளுமன்றமே தலையிட்டு 1773இல் ஹாரிசனுக்கு 8,750 பவுண்டு வழங்கியது."

இனி வாக்கியங்கள். கீழே இறங்கிப் போவதற்கு முன் நீங்களே ஒருமுறை விடை எழுதிக்கொள்ளுங்கள்.

1. 1714ஆம் ஆண்டுச் சட்டம் கடிகாரம் செய்பவர்களுக்கு மட்டுமே பரிசு அறிவித்தது.
2. நிலவை வைத்துக் கணிக்கும் முறைக்குக் கடிகார முறையைவிட அதிக நேரம் பிடித்தது.
3. ஹாரிசன் கடிகாரத் தொழிலை யாரிடமும் சீடராக இருந்து பழகவில்லை.
4. முதல் கடிகாரம் லிஸ்பன் பயணத்தில் எதிர்பார்த்த அளவுக்குச் சரியாக ஓடவில்லை.
5. உடல்நிலை சரியில்லாததால் ஹாரிசன் 1761ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் போகவில்லை.
6. ஜமைக்கா சோதனை முடிந்ததும் வாரியம் ஹாரிசனுக்கு 20,000 பவுண்டையும் கொடுத்தது.
7. தீர்க்கரேகை வாரியம் ஹாரிசனுக்குப் பணம் எதுவும் கொடுத்ததில்லை.
8. 1773இல் ஹாரிசன் பெற்ற தொகை, 1714இல் அறிவிக்கப்பட்ட பரிசில் பாதிக்கும் குறைவு.

முதல் வாக்கியம். "இல்லை, வழி எதுவாக இருந்தாலும் சரிதான்." கோடு நிரம்பிவிட்டது. ஃபால்ஸ். பத்தியில் "கடிகாரம் செய்பவர்களுக்கு மட்டும் இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று தேடிவிட்டு, கிடைக்காமல் நாட் கிவன் போடுகிறவர்கள் உண்டு. பத்தி உங்கள் வாக்கியத்தை மறுத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. அதோடு சேர்ந்து இருக்க முடியாத ஒன்றைச் சொன்னால் போதும்.

இரண்டாவதில் "இல்லை" என்று தொடங்கினால் அடுத்து என்ன சொல்வீர்கள்? எது அதிக நேரம் பிடித்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாட் கிவன். நிலவு முறையும் கடிகார முறையும் பத்தியில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. அதைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். இரண்டு பொருளும் பத்தியில் இருக்கிறது என்பது அவற்றை ஒப்பிட்டுப் பேசியதாக ஆகாது.

மூன்றாவது ட்ரூ. "எந்த ஆசானிடமும் கற்றவர் அல்ல" என்பதைத்தான் வாக்கியம் வேறு சொற்களில் சொல்கிறது.

நான்காவது பல பேரை விழவைக்கும். லிஸ்பன் சோதனை நடந்தது என்று மட்டும்தான் பத்தியில் இருக்கிறது. நன்றாக ஓடியதா, மோசமாக ஓடியதா, ஒன்றும் இல்லை. "ஆனா சார், அடுத்து நாலாவது கடிகாரம் செஞ்சிருக்காரே, அப்போ முதல் கடிகாரம் சரியில்லைன்னுதானே அர்த்தம்?" என்று ஒரு செவிலியர் கேட்டார். நியாயமான யோசனைதான். ஆனால் நன்றாக ஓடிய ஒன்றை இன்னும் நன்றாகச் செய்ய நினைத்தும் அடுத்ததைச் செய்திருக்கலாம். இரண்டு கதையும் இந்தப் பத்தியோடு ஒத்துப்போகும். இரண்டுக்கும் இடம் இருக்கிறதென்றால் பத்தி எதையும் முடிவு செய்யவில்லை என்று பொருள். நாட் கிவன்.

ஐந்தாவதுக்குக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வாக்கியத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஹாரிசன் போகவில்லை என்பது ஒன்று. பத்தியின்படி கடிகாரத்தைக் கொண்டுபோனவர் மகன். உடல்நிலைதான் காரணம் என்பது இன்னொன்று. முதல் பாதி பொருந்துவதைப் பார்த்ததும் கை ட்ரூவுக்குப் போகும். இரண்டாம் பாதி பத்தியில் இல்லாததைப் பார்த்ததும் ஃபால்ஸுக்குப் போகும். "இல்லை, ______ காரணத்தால்தான் போகவில்லை" என்று நிரப்பிப் பாருங்கள். நிரப்ப ஒன்றும் கிடைக்காது. நாட் கிவன். பத்தியில் "வயதாகிவிட்டதால் அவர் போகவில்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால் இதே வாக்கியம் ஃபால்ஸ் ஆகியிருக்கும். அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் இரண்டு விடைக்கும் நடுவில் உள்ள தூரம்.

ஆறாவதில் வாரியம் முழுப் பரிசைக் கொடுக்க மறுத்தது என்று நேராகவே இருக்கிறது. ஃபால்ஸ்.

ஏழாவதையும் எட்டாவதையும் கீழே தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன். ஏழாவதுக்கு நாட் கிவன், எட்டாவதுக்கு ட்ரூ.

எனக்கு அந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். தெரிஞ்சதை வச்சுப் போட்டா தப்பா?

ஆமாம், ஏழாவது வாக்கியம் அதற்காகவே வைத்தது. ஹாரிசனின் கதையை வேறெங்காவது படித்தவருக்கு, 1765இல் வாரியம் அவருக்கு 10,000 பவுண்டு கொடுத்தது தெரிந்திருக்கும். ஆகவே "பணம் எதுவும் கொடுத்ததில்லை" என்பது உலகத்தில் பொய். அவர் ஃபால்ஸ் போடுவார். ஆனால் நம் பத்தியில் 1765ஆம் ஆண்டே வரவில்லை. முழுப் பரிசைக் கொடுக்க மறுத்தது என்று மட்டும் இருக்கிறது. முழுசாகக் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் கொடுத்திருக்கலாம், ஒன்றுமே கொடுக்காமலும் இருந்திருக்கலாம். பத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரால் எதையும் சொல்ல முடியாது.

இரண்டாவது வாக்கியமும் இப்படித்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து. நிலவுக்கும் விண்மீனுக்கும் இடையில் உள்ள கோணத்தை அளந்து தீர்க்கரேகை கணிப்பதற்கு அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் கணக்குப் போட வேண்டியிருந்தது என்பது கடல் வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் கை தானாக ட்ரூவுக்குப் போகும். பத்தியில் இல்லாததால் அதுவும் தவறு.

நர்சிங் படித்தவர்களுக்கு உடல்நலம் பற்றிய பத்தி வரும்போது இந்த ஆபத்து அதிகம். பொறியியல் படித்தவர்களுக்குப் பாலம், எரிசக்தி பற்றி வரும்போது. தெரிந்த பாடம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படுகிற அதே பத்தியில்தான் மதிப்பெண் போகிறது. என் மாணவர்களிடம் நான் கேட்பது: ஒவ்வொரு ட்ரூவுக்கும் ஒவ்வொரு ஃபால்ஸுக்கும் பத்தியில் பென்சிலால் ஒரு அடிக்கோடு இருக்க வேண்டும். அடிக்கோடு போட இடம் இல்லாத விடையை நீங்கள் பத்தியிலிருந்து எடுக்கவில்லை.

அப்போ ஊகிக்கவே கூடாதா? எவ்வளவு தூரம் ஊகிக்கலாம்?

எட்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். "பாதிக்கும் குறைவு" என்று பத்தியில் எங்கும் எழுதவில்லை. 20,000இல் பாதி 10,000. பெற்றது 8,750. ஆகவே பாதிக்கும் குறைவு. இது ட்ரூ. எழுதியிருப்பதை வைத்து வேறு எந்த முடிவுக்கும் வரவே முடியாது என்றால் அது ஊகம் ஆகாது. கணக்குப் போடுவது, "திங்கள் புதன் வெள்ளி மூன்று நாளும் மூடியிருக்கும்" என்பதிலிருந்து "வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பது சரியில்லை" என்று எடுப்பது, இவையெல்லாம் தேர்வில் அனுமதிக்கப்பட்ட தூரம்.

நான்காவது வாக்கியத்தில் நாம் பார்த்தது வேறு வகை. "அடுத்த கடிகாரம் செய்தார், ஆகவே முந்தையது சரியில்லை" என்பது "இருக்கலாம்" என்ற சொல்லோடு மட்டுமே சொல்ல முடிகிற முடிவு. உங்கள் மனதுக்குள் "இருக்கலாம்", "பெரும்பாலும் அப்படித்தான்" என்ற சொற்கள் எழும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சொல்லைப் பத்தி சொல்லவில்லை, நீங்கள் கொண்டுவந்தீர்கள்.

"ஆல்", "ஒன்லி", "ஆல்வேஸ்" வந்தா கண்ணை மூடிட்டு ஃபால்ஸ் போடலாம்னு சொல்றாங்களே?

அப்படிப் போடாதீர்கள். அந்தச் சொற்கள் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அவற்றைக் கண்டதும் பத்திக்குத் திரும்பிப்போய் அங்கே எந்த அளவுச் சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பத்தியை வைத்தே சொல்கிறேன். "வானியலாளர்கள் அனைவரும் நிலவு முறையை நம்பினார்கள்" என்று ஒரு வாக்கியம் வந்தால் ஃபால்ஸ். பத்தியில் "பெரும்பாலான" என்று இருக்கிறது. "இல்லை, பெரும்பாலானவர்கள்தான்." எழுதியவர் எண்ணிக்கை என்ற விஷயத்தைத் தொட்டுவிட்டார், அதற்கு ஒரு எல்லையும் போட்டுவிட்டார்.

"ஹாரிசன் ஒருவர்தான் கடிகார முறையை முன்வைத்தார்" என்று வந்தால்? இதிலும் "மட்டும்" என்ற பொருள் இருக்கிறது. ஆனால் பத்தியில் வேறு யாரும் கடிகாரம் செய்ய முயன்றார்களா என்ற பேச்சே இல்லை. "இல்லை, ______ என்பவரும்தான்" என்று நிரப்பப் பெயர் கிடைக்காது. நாட் கிவன். ஒரே மாதிரியான அளவுச் சொல், இரண்டு வேறு விடை. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் இங்கே ஒரு மதிப்பெண் போயிருக்கும்.

ரயிலில் இடம் பிடிக்கத் துண்டு போடுவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் ஒரு இருக்கையில் உட்கார வருகிறது: எத்தனை பேர், எந்த ஆண்டு, என்ன காரணம், எது பெரியது. அந்த இருக்கையில் பத்தி ஏற்கெனவே வேறு துண்டைப் போட்டிருந்தால் ஃபால்ஸ். இருக்கை காலியாகக் கிடந்தால் நாட் கிவன். எண்ணிக்கை என்ற இருக்கையில் "பெரும்பாலான" என்ற துண்டு கிடந்தது. வேறு ஆள் என்ற இருக்கை காலி.

கேள்வியில இருக்கிற வார்த்தை எல்லாம் பத்தியில அப்படியே இருந்துச்சு. ட்ரூ போட்டேன், தப்பு. ஏன்?

வார்த்தைகள் பொருந்துவது கேள்வி எந்த இடத்தைப் பற்றியது என்று காட்டும் வழிகாட்டிப் பலகை மட்டுமே. விடை, அந்த வார்த்தைகள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதில் இருக்கிறது. "நான்காவது கடிகாரம், லிஸ்பன் பயணத்தில், 5 வினாடிப் பிழை காட்டியது" என்று ஒரு வாக்கியம் எழுதினால் அதில் இருக்கும் முக்கியமான சொல் ஒவ்வொன்றும் நம் பத்தியில் இருக்கிறது. ஆனாலும் பத்தி அப்படிச் சொல்லவில்லை.

நம்பிக்கையும் நடந்ததும் கலந்துபோவது இன்னொரு பொறி, இதைக் கவனமாகப் பாருங்கள். "நிலவின் நகர்வைக் கணக்கிட்டுத்தான் விடை காண முடியும்" என்பது வானியலாளர்களின் நம்பிக்கை என்று பத்தி சொல்கிறது. "நிலவு முறையால் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கணிக்க முடிந்தது" என்று வாக்கியம் வந்தால் நாட் கிவன். ஒருவர் நம்பினார், திட்டமிட்டார், எதிர்பார்த்தார் என்பவை நடந்துவிட்டதற்குச் சாட்சி ஆகாது. ஆங்கிலப் பத்தியில் "பிலீவ்", "ஹோப்", "பிளான்", "எக்ஸ்பெக்ட்" போன்ற வினைச்சொல்லைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வாக்கியத்தில் அந்த வினை காணாமல் போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாட் கிவன்னு முடிவு பண்றதுக்குள்ள முழுப் பத்தியையும் மூணு தடவை படிச்சுடுறேன். நேரமே பத்தலை.

60 நிமிடத்தில் மூன்று பத்தி, 40 கேள்வி. படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். இல்லாத ஒன்றை எங்கும் தேடிக்கொண்டிருக்க இதில் இடம் கிடையாது.

நல்ல செய்தி, இந்த வகைக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வருகின்றன. மூன்றாவதுக்கு விடை கிடைத்த வரிக்குக் கீழேதான் நான்காவது இருக்கும். ஆகவே நிச்சயமாகத் தெரிகிற இரண்டை முதலில் பிடியுங்கள். நம் பத்தியில் மூன்றாவது "ஆசான்" வரியில் இருக்கிறது. ஆறாவது "மறுத்தது" வரியில் இருக்கிறது. அப்படியானால் நான்கும் ஐந்தும் நடுவில் இருக்கும் மூன்று வரிகளுக்குள் இருந்தாக வேண்டும். அந்த மூன்று வரியை மட்டும் நிதானமாக, சொல் சொல்லாகப் படியுங்கள். காரணமும் இல்லை, ஓட்டத்தைப் பற்றிய பேச்சும் இல்லை என்றால் நாட் கிவன் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நாட் கிவன் என்றால் அந்தப் பேச்சே பத்தியில் எங்கும் இருக்காது என்று பல பேர் நினைக்கிறார்கள். தேர்வில் அப்படி வருவது குறைவு. அநேகமாக எப்போதும் பேச்சு அங்கே இருக்கும், கேட்ட ஒரு துண்டு மட்டும் இருக்காது. லிஸ்பன் இருந்தது, கடிகாரம் இருந்தது, எப்படி ஓடியது என்பது மட்டும் இல்லை. ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாததால் நாட் கிவன் போடுவதும், இடத்தைக் கண்டுபிடித்துப் படித்துப் பார்த்துத் தகவல் இல்லாததால் நாட் கிவன் போடுவதும் ஒன்றாகாது. முதலாவது பல தடவை வேறு சொல்லில் ஒளிந்திருக்கும் ஃபால்ஸாக முடிகிறது.

யெஸ், நோ, நாட் கிவன்னு வருதே, அது வேறயா?

சிந்திக்கும் முறை ஒன்றுதான். ட்ரூ ஃபால்ஸ் பத்தியில் உள்ள தகவலைப் பற்றியது, யெஸ் நோ எழுதியவரின் கருத்தைப் பற்றியது. அதனால் யெஸ் நோவில் "இது யாருடைய கருத்து?" என்ற கேள்வி கூடுதலாக வரும். நம் பத்தியில் நிலவு முறையை நம்பியவர்கள் வானியலாளர்கள். எழுதியவர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆகவே "நிலவு முறையே சிறந்தது என்பது எழுதியவரின் கருத்து" என்ற பொருளில் வந்தால் நாட் கிவன்.

விடைத்தாளில் எந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்களோ அதையே எழுதுங்கள். YES கேட்ட இடத்தில் TRUE எழுதிவைக்காதீர்கள். கணினித் தேர்வில் தேர்ந்தெடுப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எதுவுமே புரியலைன்னா காலியா விடலாமா?

விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ரீடிங்கில் விடைகளை மாற்றி எழுதத் தனி நேரமும் கிடையாது, அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே எழுதி முடிக்க வேண்டும்.

நிறைய டெஸ்ட் எழுதிட்டேன். விடைப்பட்டியலைப் பார்க்கிறேன், தப்புன்னு தெரியுது, ஏன்னு தெரியலை. எப்படிப் பயிற்சி பண்றது?

தேர்வுக்குப் படித்த காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஒரு பயிற்சி மையத்தில் வாரம் மூன்று மாதிரித் தேர்வு எழுதவைப்பார்கள், விடைகளைச் சரி பார்த்து எண்ணிக்கையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஏன் தவறு என்று யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. முதல் தடவை 6.5 வந்தது. அதற்குப் பிறகுதான் எழுதிய தாள்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, இந்த வகையில் மட்டும் எத்தனை விட்டிருக்கிறேன், எந்தப் பக்கமாக விட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். அநேகமாக எல்லாமே ஒரே பக்கம்: விடை நாட் கிவன், நான் போட்டது ஃபால்ஸ்.

நீங்களும் ஒரு நோட்டில் அப்படிப் பிரியுங்கள். ஃபால்ஸ் போட்டு நாட் கிவன் ஆனவை ஒரு பக்கம், நாட் கிவன் போட்டு ஃபால்ஸ் ஆனவை எதிர்ப்பக்கம். முதல் பக்கம் நிறைந்தால் நீங்கள் பத்தி சொல்லாததைச் சேர்த்துப் படிக்கிறீர்கள், காரணம், ஒப்பீடு, முந்தைய அறிவு ஏதோ ஒன்று உள்ளே வருகிறது. எதிர்ப்பக்கம் நிறைந்தால் பத்தி வேறு சொற்களில் சொல்லியிருப்பதைத் தவறவிடுகிறீர்கள். அவர்களுக்குத் தேவை சொல்வளம்: "ரெஃப்யூஸ்", "டிக்ளைன்", "ஃபெயில்", "ரேர்லி" போன்ற சொற்கள் "இல்லை" என்ற பொருளை "நாட்" என்ற சொல் இல்லாமலே கொண்டுவருகின்றன. இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. ஒரே மாதிரி இன்னும் பத்து டெஸ்ட் எழுதினால் இரண்டுமே தீராது.

அடுத்து, ஒவ்வொரு தவறான விடைக்கும் "இல்லை, ______தான்" வரியை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் எந்த வரியிலிருந்து எடுத்தீர்கள் என்று அடிக்கோடு போடுங்கள். எழுத முடியாவிட்டால், அதே வாக்கியம் ஃபால்ஸ் ஆவதற்குப் பத்தியில் என்ன வரி கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே அந்த வரியை எழுதுங்கள். நம் ஐந்தாவது வாக்கியத்துக்கு "வயதாகிவிட்டதால்" என்று எழுதினோமே, அதுபோல.

அந்தச் செவிலியர், லிஸ்பன் கேள்வியில் என்னோடு வாதாடியவர், இரண்டு வாரம் இதைச் செய்தார். மூன்றாவது வாரம் அவர் கொண்டுவந்த தாளில் ஒவ்வொரு நாட் கிவனுக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தது. லிஸ்பன் வாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தது இது: "திரும்பி வந்தப்போ கடிகாரம் நல்லா ஓடிச்சுன்னு ஒரு வரி இருந்தா ஃபால்ஸ் போட்டிருப்பேன் சார்."